நம் வீட்டுக் கண்ணனுக்கு ஒரு தாலாட்டு

கண்ணன் பிறந்தநாள் நெருங்கிவிட்டது. சிலர் இல்லங்களில் அது கோகுலாஷ்டமி, சிலருக்கு ஸ்ரீஜயந்தி. அஷ்டமியைக் கொள்வதா, ரோகிணியைக் கொள்வதா என்பது அவரவர் குலவழக்கம். வாசலிலிருந்து பூசையறை வரை அரிசிமாவினால் சின்னப் பாதங்கள் இடுவதும், சீடை, தட்டை, முறுக்கு, அவல், வெண்ணெய் என்று வரிசையாகப் படைப்பதும், சிறு தொட்டிலில் கண்ணனை எழுந்தருளச் செய்து ஆட்டுவதும் எல்லோருக்கும் பொது. தொட்டிலை ஆட்டும் அந்த நேரத்தில் என்ன பாடுவது என்பதில்தான் இப்போதெல்லாம் பல வீடுகளில் ஒரு தயக்கம். கைப்பேசியில் யாரோ பாடியதை ஒலிக்கவிட்டு, நாம் வாய்மூடி நின்றுவிடுகிறோம்.

தாலாட்டு என்ற சொல்லில் இருக்கும் ‘தால்’ என்பதற்கு நாக்கு என்று பொருள். நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு. ஆகவே ஆட்டுகிறவரின் நாவே அசையவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நாங்களே எட்டுக் கண்ணிகளில் ஒரு தாலாட்டு எழுதினோம். கவிஞர் யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆயினும் அது எழுதி முடிந்தது, பாடவும் பட்டது. அது எப்படி அமைந்தது என்பதை இந்த வாரம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு முன்மாதிரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தில் மூன்றாவது திருமொழி முழுவதும் தாலாட்டு. யசோதையின் நிலையில் நின்று ஆழ்வார் பாடுகிறார். அதில் அவர் கையாண்டிருக்கும் முறை மிக எளிமையானது. தேவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தைக்குச் சீர் அனுப்புகிறார்கள். பிரமன் பொன்னால் செய்த சிறு தொட்டிலை அனுப்புகிறான். சிவபெருமான் அரையில் அணியும் வடம் அனுப்புகிறார். இந்திரனிடமிருந்து கிண்கிணி வருகிறது, வருணனிடமிருந்து முத்துவடம், திருமகளிடமிருந்து துளசிமாலை, துர்க்கையிடமிருந்து மஞ்சளும் மையும் சிந்தூரமும். ஒவ்வொரு பொருளையும் சொல்லி, அனுப்பியவரைச் சொல்லி, ‘தாலேலோ’ என்று முடிக்கிறார். குழந்தை பிறந்த வீட்டுக்கு உறவினர் வந்து ஆளுக்கொரு பொருளைத் தொட்டிலருகே வைத்துவிட்டுப் போகிற காட்சிதான் அது. வருகிறவர்கள் தேவர்களாக இருக்கிறார்கள், அவ்வளவே.

இந்த அமைப்பைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆழ்வாரின் சொற்களை எடுக்கவில்லை; அவற்றைப் பாராயணமாகச் சேவிப்பது வேறு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் கண்ணனுக்கு என்ன கொண்டுவருகிறார்கள் என்பதை ஒரு கண்ணியாக்கினால், பாட்டின் பொருள் தானே அமைந்துவிடும். எதைப் பற்றி எழுதுவது என்று திகைக்கவேண்டியதில்லை.

அதற்குமுன், தொட்டிலில் இருப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது தவழும் கண்ணன். ஒரு விரல் நீளமுள்ள பித்தளை விக்கிரகம். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் வெண்ணெய் உருண்டையை ஏந்தி, தலையை நிமிர்த்திப் பார்க்கிற கோலம். இந்தக் கண்ணனிடம் “மல்லாந்து படுத்திருக்கிறாய், கால்விரலைச் சுவைக்கிறாய்” என்று பாடினால் அது பொருந்தாது. அந்தக் கோலம் ஆலிலைக் கண்ணனுக்கு உரியது. குழலூதி நிற்கும் கண்ணனைத் தொட்டிலில் வைத்து உறங்கச் சொல்வதும் அப்படித்தான். நிற்கிறவருக்குத் தொட்டிலைவிட ஊஞ்சல்தான் பொருத்தம். எங்கள் கண்ணன் விழித்திருக்கிறான், கையில் வெண்ணெய் இருக்கிறது, அது உருகிக்கொண்டிருக்கிறது. உறங்கச் சொல்வதற்கு அதுவே காரணமாயிற்று. எங்கள் பாட்டின் இரண்டாம் கண்ணி அப்படி வந்ததுதான்:

வெண்ணெயொரு கையிலுண்டு விரலோரம் உருகாதோ
கண்ணிரண்டும் சோருதடா கண்வளராய் தாலேலோ

இனி, அளவு. யாப்பிலக்கணம் கற்றவர்கள் நேரசை, நிரையசை என்று பிரித்துப் பார்ப்பார்கள். அது தெரியாதவர்களுக்குச் சிந்துப் பாடல்களின் வழி ஒன்று இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற எழுத்துகளை மட்டும் எண்ணவேண்டும். ‘வெண்ணெயொரு’ என்பதில் வெ, ணெ, யொ, ரு என நான்கு எழுத்துகள். ‘கையிலுண்டு’ என்பதில் கை, யி, லு, டு என மறுபடியும் நான்கு. இவ்வாறு ஒரு சீருக்கு நான்கு எழுத்து, ஓர் அடிக்கு நான்கு சீர். இரண்டு அடி சேர்ந்தால் ஒரு கண்ணி. கடைசிச் சீரான ‘தாலேலோ’வில் மூன்று எழுத்துகளே உள்ளன, அந்தக் குறையை ‘லோ’வை நீட்டிப் பாடி நிரப்பிவிடலாம். குறைந்தால் நீட்டலாம். மிகுந்துவிட்டால்தான் தொல்லை, வாய் திணறும், தொட்டில் நின்றுவிடும்.

ஓசையை இணைப்பதற்கு எதுகை ஒன்று போதும். ‘வெண்ணெய்’, ‘கண்ணிரண்டும்’ என இரண்டு அடிகளின் தொடக்கத்திலும் இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை. முதல் எழுத்து இரண்டு இடத்திலும் குறிலாக, அல்லது இரண்டு இடத்திலும் நெடிலாக இருந்தால் காதுக்கு இனிமை. முதற்சீரும் மூன்றாம் சீரும் ‘வெ - வி’, ‘க - க’ என்று மோனையாகத் தொடங்கினால் இன்னும் நன்று. ஆனால் அதற்காகப் பொருளை வளைக்கவேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பாட்டில் சில அடிகளில் மோனை இல்லை. யாரும் கேட்கவில்லை.

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் எண்களோடு காலம் கழித்தவன் ஆதலால், தொட்டிலின் ஆட்டத்தையும் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். தொட்டில் ஒருமுறை போய்த் திரும்புவதற்கு ஆகும் நேரம், அதில் இருப்பவரின் எடையைப் பொறுத்ததன்று; தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. உத்தரத்தில் கட்டிய தூளி இரண்டு மீட்டர் நீளம் தொங்கினால், போய்வர மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பூசையறைத் தொட்டிலின் சங்கிலியோ ஒரு சாண்தான். அது ஒரு நொடியில் போய்த் திரும்பிவிடும். நம் பாட்டிமார்கள் தூளிக்குப் பாடிய நீண்ட இழுவையான மெட்டை இந்தச் சிறு தொட்டிலுக்குப் பாடும்போது கையும் வாயும் ஒத்துப்போகாமல் தடுமாறுவது இதனால்தான். நூலை வலிந்து மெதுவாக இழுத்தால் தொட்டில் குலுங்குகிறது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீர் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. ஓர் அடிக்கு நான்கு ஆட்டம். கண்ணி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ‘தாலேலோ’ என்று இருமுறை சொல்லும்போது ஆட்டுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எட்டுக் கண்ணிகளும் இப்படிப் பாட ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆயிற்று. பசியோடு சீடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு இரண்டு நிமிடம்தான் அளவு.

மெட்டைப் பற்றிக் கேட்டால் உடனே நீலாம்பரி என்பார்கள். தாலாட்டுக்கு உரிய ராகம் அதுதான், மறுப்பில்லை. ஆனால் அதன் வளைவுகளைப் பயிற்சி இல்லாத குரல்கள் தாங்கா. வீட்டில் பத்துப்பேர் சேர்ந்து பாடவேண்டுமென்றால், மேல் ஸட்ஜம் வரை போகாத மெட்டே நல்லது. நவரோஜ், குறிஞ்சி என்ற ராகங்கள் தாலாட்டுக்குப் பழகிவந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டுமே மேல் ஸட்ஜத்தைத் தொடாதவை. ராகப் பெயர் ஏதுமின்றி, ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஐந்து சுவரத்துக்குள் ஏறி இறங்கும் ஓர் எளிய மெட்டை என் மனைவி அமைத்தாள். எண்பத்து நான்கு வயதான என் சித்திக்கும் ஆறு வயதுப் பேத்திக்கும் ஒரே சுருதியில் அது எட்டியது. அந்த இருவர் குரலுக்கும் எட்டினால் நடுவில் இருக்கும் எல்லோருக்கும் எட்டும்.

முதலில் ஓர் அடியை எழுதிக்கொண்டு வந்தவர் என் மைத்துனர். கோயில் சொற்பொழிவுகளைத் தவறாமல் கேட்பவர். “அகிலமெல்லாம் ஆண்டருளும் ஆதிமூலப் பரம்பொருளே” என்று தொடங்கியிருந்தார். எல்லோருக்கும் நன்றாகத்தான் பட்டது. சித்தி மட்டும், “இதைக் கேட்டால் எழுந்து நிற்கத்தான் தோன்றுகிறது. அவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்” என்றார். எவ்வளவு சரியான விமரிசனம்! அந்த அடி ஒரு தோத்திரத்தின் அடி. தோத்திரத்தில் நாம் கீழே, அவன் மேலே. தாலாட்டில் அவன் நம் கையளவு. அவனுடைய பெருமையைச் சொல்லவே கூடாது என்பதில்லை. அனுப்பியவர்களின் பட்டியலே பெருமையைச் சொல்லிவிடும் என்று ஆழ்வார் விட்டுவிடுகிறார். பூதனையையும் சகடனையும் காளியனையும் கொண்டுவந்தாலும் இதே தொல்லைதான். குழந்தையை உறங்கவைக்கும்போது யாரும் போர்க்கதை சொல்வதில்லை. மைத்துனரின் அடி வீணாகவில்லை. அன்று தீபாராதனைக்கு முன் அவரே அதைத் தனியாகப் பாடினார்.

எங்கள் தாலாட்டு, வாசலில் பேத்தி வைத்த மாக்கோலப் பாதங்களிலிருந்து இப்படித் தொடங்கியது:

வாசலிலே கோலமிட்ட வழியெல்லாம் நடந்தாயே
பூசையறை வந்தபின்னே போதுமடா தாலேலோ

‘அடா’ என்று பெருமானை அழைக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. கைக்குழந்தையை ‘நீங்கள்’ என்று எந்தத் தாயும் அழைப்பதில்லை என்று சித்தியே முடிவு சொல்லிவிட்டார். கூச்சப்படுகிறவர்கள் ‘போதுமய்யா’ என்று பாடட்டும், அளவு மாறாது.

அடுத்து வந்தது சொல் பற்றிய ஒரு கண்டிப்பு. பேத்தி “கண்ணை மூடு” என்று ஓர் அடியில் எழுதியிருந்தாள். அவள் வயதுக்கு அது இயல்பான சொல். ஆனால் ‘கண்மூடினார்’ என்பதற்கு நம் வழக்கில் வேறு பொருள் உண்டு. விளக்கை அணை என்று சொல்லாமல் மலையேற்று என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல உறக்கத்துக்கும் மங்கலச் சொல் இருக்கிறது: கண்வளர்தல். ‘கண்ணுறங்கு’ என்பதும் நல்ல சொல்லே. ‘தூங்கு’ என்பதற்குப் பழைய தமிழில் தொங்கி அசைதல் என்றும் பொருள் உண்டு. ஆகவே தொட்டிலுக்கு அதுவும் தகும். இவற்றில் ஒன்றைக் கொள்ளலாம். “போய்த் தூங்கு”, “உறங்கிப் போ” என்று ‘போ’ சேர்ந்த எதையும் தவிர்த்துவிட வேண்டும். பொருளை விளக்கியதும் பேத்தி தானாகவே அடித்துவிட்டுக் ‘கண்வளராய்’ என்று எழுதினாள். அந்தச் சொல்லை அவள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

அதன்பின் சீர்வரிசை. தொட்டில் என் தகப்பனார் காலத்தில் தேக்கில் செய்தது, பூ பேத்தியுடையது, பலகாரம் என் மூத்த மருமகளுடைய கைவேலை, ஒரு முழத் துணியில் சிறு ஆடை தைத்து வந்தவள் என் தங்கை.

தேக்கினிலே தொட்டில்செய்து தாத்தாவும் கொண்டுவந்தார்
பூக்கொணர்ந்து பேத்திதந்தாள் பொன்னுடலே தாலேலோ

சீடையொடு தட்டைசுட்டுச் செய்துவைத்தாள் அம்மாவும்
ஆடைதைத்து அத்தைவந்தாள் அசைந்தாடு தாலேலோ

உறவுமுறைப் பெயர்கள் எல்லாம் பேத்தியின் வாயால் சொல்லப்படுகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். பாடுகிறவர் ஒருவரை நிலையாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஓர் அடியில் அத்தையாக இருப்பவர் அடுத்த அடியில் தங்கையாகிவிடுவார். வீட்டின் இளைய குரலை வைத்துக்கொள்வது எளிது. ‘சீடை’, ‘தட்டை’, ‘சுட்டு’ என்று வல்லோசை மிகுந்த அடி தாலாட்டுக்கு ஆகுமா என்று கேட்கலாம். நடுவில் வரலாம். அது சீடையைக் கடிக்கும் ஓசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவை நெருங்கும்போதுதான் ட, ற, க முதலிய வல்லெழுத்துகளின் இரட்டிப்பைக் குறைத்து, ம, ன, ய, ல, வ என்ற எழுத்துகளுக்கு இடம்கொடுக்க வேண்டும்.

சீர்வரிசையில் என் இளைய மருமகளுக்கு ஒரு கண்ணி மீதம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆறாம் மாதத்தில் கரு தங்காமற் போயிற்று. அதன்பிறகு வீட்டில் நடந்த எந்த விசேஷத்திலும் அவள் முன்னால் வந்து நிற்கவில்லை. சமையலறையிலேயே வேலையாக இருந்துவிடுவாள். உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். “அடுத்த ஆண்டு இந்தத் தொட்டிலில் எங்கள் பிள்ளை ஆடவேண்டும்” என்ற வேண்டுதலைக் கண்ணியாக்கி அவளையே பாடச் சொல்லலாமே என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. என் மனைவிக்கு அறவே ஒப்பவில்லை. வேண்டுதலுக்கு இடம் உண்டு. அர்ச்சனை இருக்கிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது. தாலாட்டில் குழந்தையிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் அவன் குழந்தையாக இருக்கமுடியாது. வரம் தருகிறவனாக எழுந்துவிடவேண்டும். பாட்டின் இலக்கணப்படியே அது பொருந்தாது. அதைவிட, பத்துப்பேர் நடுவில் அந்தப் பெண்ணின் வாயால் அதைச் சொல்லவைப்பது எவ்வளவு கொடுமை! “அவளுக்கு விருப்பம் இருந்தால் அவளே எழுதட்டும்; இல்லையென்றால் ஏழு கண்ணி போதும்” என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

விசேஷத்துக்கு முதல்நாள் இரவு மருமகள் ஒரு தாளைச் சித்தியிடம் கொடுத்தாள். எங்களிடம் கொடுக்கவில்லை. அதில் இருந்தது இது:

வீட்டினிலே தூளியுண்டு வெறுங்காற்றே ஆடுதடா
பாட்டினிலே நீயிருக்கப் பயமில்லை தாலேலோ

நான் படித்துவிட்டுச் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. யாப்பில் குறை சொல்ல இடமே இல்லை. வெறுந்தொட்டிலை ஆட்டலாகாது என்பது நம் பெரியோர் சொல்லும் வழக்கு. நல்லநாளில் ‘வெறுங்காற்று’ என்று பாடலாமா என்று என் தங்கை தயங்கினாள். ‘இளங்காற்றே’ என்று மாற்றிவிடலாம், அளவும் சரியாகவே இருக்கும் என்றார் மைத்துனர். அளவு சரியாகத்தான் இருந்தது.

சித்தி நாள்தோறும் திவ்வியப் பிரபந்தம் சேவிப்பவர். அவர் சொன்னது இது: “குலசேகராழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறார். பெருமாள் திருமொழியில் அது எட்டாவது. அதற்கு முந்தின ஏழாவது என்ன தெரியுமா? தேவகியின் புலம்பல். பெற்றவள் அவள். தாலாட்டுப் பாடியவள் யசோதை. தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் தேவகி தொடங்குகிறாள். அதை ஆழ்வார் அமங்கலம் என்று ஒதுக்கினாரா? திருக்கண்ணபுரத்துத் தாலாட்டுக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறதே. இந்தப் பெண் எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றாதீர்கள்.”

மாற்றவில்லை. எந்த இடத்தில் வைப்பது என்பது மட்டும் மீதமிருந்தது. சீர்வரிசைக்குப் பின், உறங்கவைக்கும் கடைசிக் கண்ணிக்கு முன், ஏழாவதாக வைத்தோம். அதன்பின் வரும் கண்ணி மென்மையாக இருக்கவேண்டும் என்பது அப்போது இன்னும் அவசியமாயிற்று. முதலில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டு, வல்லெழுத்து இரட்டிக்காமல் என் மனைவி புதிதாக எழுதினாள்:

மெல்லமெல்ல ஆடுமினி மேனியெல்லாம் ஆறுமினி
முல்லைமலர் வாசமினி முகில்வண்ணா தாலேலோ

பூசையின் வரிசையிலும் ஒரு சிறு மாற்றம் செய்தோம். அதுவரை எங்கள் வீட்டில் தொட்டில் ஆட்டியபின் தீபாராதனை நடக்கும். உறங்கவைத்த குழந்தையின் காதருகே மணி அடிப்பதா என்று பேத்தி கேட்டதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆகவே பால் திருமஞ்சனம், ஆடை, அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் தாலாட்டு. அதன்பின் பூசையறையில் பேச்சு இல்லை, பிரசாதம் கூடத்தில். குலவழக்கப்படி வேறு வரிசை உள்ளவர்கள் அதை மாற்றவேண்டாம். அங்கே தாலாட்டின் கடைசிக் கண்ணியில் உறங்கச் சொல்லாமல் ஆடச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

எட்டுக் கண்ணிகளையும் பெரிய எழுத்தில், ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் இடையில் நல்ல இடைவெளி விட்டு, இரண்டு தாள்களில் எழுதினோம். மங்கிய விளக்கொளியில் சித்தி கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய அளவுக்கு எழுத்து இருந்தது. ஆளுக்கொரு கண்ணி, ‘தாலேலோ’ மட்டும் எல்லோரும். நூலைப் பேத்தி இழுத்தாள்.

ஏழாவது கண்ணி வந்தபோது மருமகள் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே வருவாளா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்கக்கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அங்கே நின்றபடியே பாடினாள். குரல் தாழ்ந்திருந்தது. ஐந்து சுவர மெட்டு அதற்கும் இடம்கொடுத்தது. இரண்டாம் அடியில் ‘பயமில்லை’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தொட்டில் மட்டும் ஒரு நொடிக்கு ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தது. மூன்று ஆட்டமோ நான்கோ கழிந்திருக்கும். சித்தி ‘தாலேலோ’வை எடுத்துக்கொடுத்தார், நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். இரண்டு முறைக்குப் பதிலாக நான்கு முறை பாடினோம் என்று நினைக்கிறேன். அதற்குள் அவள் உள்ளே வந்து பேத்தியின் கையிலிருந்த நூலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றத் தெய்வங்களுக்கும் இவ்வாறு எழுதலாமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பிள்ளைத்தமிழ் நூல்களைப் பார்த்தால் வழி தெரியும். அவற்றின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்கும் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். ஆகவே அம்பிகைக்கும் முருகனுக்கும் தாலாட்டு மரபு உண்டு. நவராத்திரியில் கொலுவின் நடுவே அம்பாளைச் சிறு ஊஞ்சலில் வைக்கிறவர்கள் ‘தாலேலோ’ இருக்கும் இடத்தில் ‘ஆடீரூஞ்சல்’ என்று வைத்து எழுதலாம். ஓர் எழுத்து கூடும், ஆனால் நீட்டவேண்டிய இடம் அதனால் நிரம்பிவிடும். சிவபெருமானுக்கு மட்டும், அவர் பிறப்பில்லாதவர் ஆதலால், பிள்ளைத்தமிழ் பாடும் மரபு இல்லை. சிவராத்திரியில் கண்விழிக்க வேண்டியவர்கள் நாம்தானே. அன்று தாலாட்டு எதற்கு?

எங்கள் தாள்கள் இரண்டும் தொட்டிலோடு அதே மரப்பெட்டியில் இருக்கின்றன. இந்த ஆண்டு மூத்த மகன் பணிமாற்றத்தால் வடக்கே போய்விட்டான். பேத்தியும் உடன் போயிருக்கிறாள். ‘பூக்கொணர்ந்து பேத்திதந்தாள்’ என்ற அடியை என்ன செய்வது என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும், பூவுக்குப் பணம் அனுப்பிவிடுவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். சேர்த்துவைத்த உண்டியலிலிருந்து இருபது ரூபாய்.